பொறுமையைக் கணக்கில் எழுதுவோம்

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில் நம் சங்கத்தின் சார்பில் முதியோர்க்கு ஸ்மார்ட்போன் வகுப்பு ஒன்று நடத்துவதென முடிவு செய்தோம். தலைநகரில் வாழும் தமிழ்ப் பெரியவர்கள் பலர் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மக்கள் வாங்கித் தந்த கைப்பேசி அவர்கள் கையில் இருக்கிறது; அதை எடுத்துப் பேசுவதற்கு மேல் ஒன்றும் செய்ய அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு நம்மாலான உதவியைச் செய்வோம் என்று எண்ணினோம். படம் ஒன்றை வரைந்து, அதன் கீழே போடுவதற்கான வாசகத்தை எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். பெளதிகம் படிக்கும் நான் எழுத்தாளன் அல்லன். எனினும் மிகுந்த ஊக்கத்தோடு எழுதினேன். நான் எழுதியது இதுதான்:

"டிஜிட்டல் உலகம் உங்களை அழைக்கிறது! தாத்தா பாட்டிகளே, இனி நீங்களும் ஸ்மார்ட்! மிக மிக எளிது, குழந்தைகூடக் கற்றுக்கொள்ளும்! பொறுமையுடன் கற்றுத் தருவோம். ஞாயிறு இரவு 7 முதல் 9 வரை. இடங்கள் சிலவே! படத்திலுள்ள QR குறியீட்டை ஸ்கேன் செய்து 200 ரூபாய் செலுத்தி, இணைப்பிலுள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்."

நண்பர்கள் பாராட்டினார்கள். நம் வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் வெளியிட்டோம். விருப்பக் குறிகள் வந்து குவிந்தன. பெயர் கொடுத்தவர்கள் மூவர். வகுப்புக்கு வந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவர் தம் பேரன் துணைக்கு இருந்ததால் வந்தவர். அந்தப் பேரனே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு அவரை அழைத்துச் சென்றான்.

தோல்விக்குக் காரணம் பெரியவர்களின் அச்சம் என்று சிலர் சொன்னார்கள். ஆர்வமின்மை என்றார்கள் வேறு சிலர். காரணம் என் வாசகத்தில்தான் இருந்தது என்பது என் துணிபு. அதை ஈண்டு விளக்க விரும்புகிறேன். இந்த ஆண்டும் நம் சங்கம் அவ்வகுப்பை நடத்தப்போகிறது; பிற ஊர்ப் பல்கலைக்கழகங்களிலும் நம்மவர் இதைச் செய்ய முன்வரலாம். என் பிழை அவர்களுக்குப் பாடமாகட்டும்.

முதலில் சேரும் முறையைப் பாருங்கள். குறியீட்டை ஸ்கேன் செய்து, கைப்பேசி வழியே பணம் கட்டி, படிவம் நிரப்ப வேண்டும். இவ்வளவும் தெரிந்தவருக்கு எங்கள் வகுப்பு எதற்கு? நீந்தத் தெரிந்தவர் மட்டும் ஆற்றைக் கடந்து வந்து நீச்சல் வகுப்பில் சேரலாம் என்று அக்கரையில் பலகை நட்டுவைத்தது போன்றது நான் செய்தது. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஐந்தாம் பாடத்தில், "முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள், குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கட்டாதீர்கள்" என்று சொல்லித்தர இருந்தோம். அந்தப் பாடத்தை முன்பே அறிந்திருந்த பெரியவர் எவரும் எங்களிடம் சேர்ந்திருக்க இயலாது!

அடுத்து, இந்த வாசகத்தை யார் படிக்கிறார்கள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இன்ஸ்டாகிராமில் வருவதை எழுபது வயதுப் பெரியவர் பார்ப்பதில்லை. அவர் மகளோ மருமகனோ பார்க்கிறார். அதைப் பெரியவரிடம் எடுத்துச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் அவரே. "இதற்கெல்லாம் வகுப்பு ஏன்? நானே சொல்லித் தருகிறேன்" என்று அவர் நினைத்தால் அறிவிப்பு அங்கேயே நின்றுவிடும். ஆகவே நம் வாசகத்துக்கு இரண்டு வாசகர்கள்: முதலில் மக்கள், பிறகு பெற்றோர். மக்கள் அதைத் தங்கள் தாய்க்கோ தந்தைக்கோ அனுப்பும்போது, எழுத்து மாறாமல், பெரியவர் நேரே படித்தாலும் மனம் கோணாதபடி அது அமைந்திருக்க வேண்டும். "தாத்தா பாட்டிகளே" என்று நான் அழைத்தது பேரன் வாயில் இனிக்கும். அயலான் வாயில் கேலியாக ஒலிக்கும். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் அலுவலகப் பிரிவையே கட்டி ஆண்டவர் அவர்.

"மிக எளிது" என்று எழுதியது அதனினும் பெரிய பிழை. நாம் உற்சாகம் ஊட்டுவதாக எண்ணி அதைச் சொல்கிறோம். கேட்பவர் மனத்தில் அது வேறாகப் பதிகிறது. எளியது எனக்கு வரவில்லை என்றால் குறை என்னிடம் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டிக்கொள்கிறார். குழந்தைகூடக் கற்றுக்கொள்ளும் என்றால், கற்காதவர் குழந்தைக்கும் கீழானவர் என்றாகிறது. உண்மையில் அது எளிதுமன்று. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒரு நுட்பச் செய்தி. நேரம், கட்டணம், தொலைபேசி எண் ஆகியவற்றை நாங்கள் படத்துக்குள்ளேயே அழகிய எழுத்தில் பொறித்திருந்தோம். கைப்பேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவருக்கு, படத்தின் கீழே தட்டச்சு செய்த வாசகம் பெரிதாகத் தெரியும். படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரிதாவதில்லை. அதைப் பெரிதாக்க இரண்டு விரல்களால் விரிக்க வேண்டும். அது அவர் இன்னும் கற்காத வித்தை. அன்றியும், வாட்ஸ்அப் வாசகத்தில் தட்டச்சு செய்த எண்ணைத் தொட்டால் அதிலிருந்தே அழைக்கலாம். படத்திலுள்ள எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு அழுத்த வேண்டும். ஆகவே படம் படமாக இருக்கட்டும். செய்தி முழுவதும் கீழே வாசகமாக வரட்டும். அதிலும் முதல் இரண்டு வரிகளிலேயே என்ன வகுப்பு, எந்த நேரம் என்பது வந்துவிட வேண்டும். நீண்ட வாசகத்தில் முதல் வரிகளே கண்ணில் படும். எஞ்சியது "more" என்ற சிறு சொல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். என் வாசகத்தின் முதல் இரண்டு வரிகளில் இருந்தவை வியப்புக் குறிகளே.

இனி நேரத்தைப் பற்றி. ஞாயிறு இரவு ஏழு மணி யாருக்கு உகந்தது? நமக்கு உகந்தது. அன்று நமக்குப் பரிசோதனைச் சாலை இல்லை, வகுப்பும் இல்லை. பெரியவர்களுக்கோ இருட்டிய பின் வெளியே வருவதே தொல்லை. கண்புரை உள்ளவர்க்கு எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். நவம்பர் மாதத்தில் டெல்லியில் ஐந்தரை மணியளவில் கதிரவன் மறைந்துவிடுகிறான், குளிரும் தொடங்கிவிடுகிறது. இரவு உணவும் மருந்தும் எட்டு மணிக்கு. ஞாயிறு என்றால் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். பெண்களுக்கு அன்றுதான் அடுப்படி வேலை மிகுதி.

இரண்டாம் முறை நேரத்தைக் குறிக்குமுன் நாலைந்து வீடுகளுக்குச் சென்று கேட்டோம். ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒரே விடை கிடைத்தது. பேரக் குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு, மதியச் சமையல் முடிந்த பிறகு, பதினொரு மணிக்கு ஓர் ஓய்வு உண்டு. மதியத் தூக்கத்துக்குப் பின், பொழுது சாயுமுன், மூன்றரை மணிக்கு மற்றோர் ஓய்வு. இந்த இரண்டுமே நம் பிரிவுகளாயின. காலைப் பிரிவைச் செவ்வாயும் வெள்ளியும் வைக்கலாம் என்று நான் சொன்னபோது ஓர் அம்மையார் சிரித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இராகுகாலம் ஆயிற்றே, தம்பி! புதிதாக ஒன்றைத் தொடங்க யார் வருவார்கள்?" என்றார். எனக்கு இராகுகாலத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் வராதவருக்குக் கற்பிக்க இயலாது என்பதில் நம்பிக்கை உண்டு. வெள்ளியை விட்டு வியாழனுக்கு மாற்றினோம்.

கட்டணத்தைப் பற்றி நம் செயற்குழுவில் பெரிய விவாதமே நடந்தது. "நம் பெரியவர்களிடமா பணம் வாங்குவது? இலவசமாக நடத்துவோம்" என்றார் ஒரு நண்பர். அவர் உள்ளம் நல்ல உள்ளம். ஆனால் இலவசம் என்ற சொல்லை இன்று பெரியவர்கள் யாரிடமிருந்து கேட்கிறார்கள்? பரிசு விழுந்திருக்கிறது என்று தொலைபேசியில் அழைக்கும் மோசக்காரரிடமிருந்து. "இலவசம் என்று ஒருவன் சொன்னால் கணக்கு எண்ணைக் கேட்கப்போகிறான் என்று பொருள்" என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். அன்றியும், இனாமாக வருகிற வகுப்பில் ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்கத் தயங்குவார்கள். பணம் கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது.

எனவே கட்டணம் வேண்டும். எவ்வளவு? கணக்குப் போட்டோம். ஒரு பிரிவில் எட்டுப் பேர், ஆறு வகுப்பு. பெரிய எழுத்தில் அச்சிட்ட குறிப்புத் தாள் ஒருவருக்கு 60 ரூபாயாக 480 ரூபாய். எட்டுப் பெரியவர்களும் நான்கு மாணவர்களும் ஆகப் பன்னிருவர்க்கு, ஒரு வகுப்புக்கு ஆளுக்குப் பத்து ரூபாய்க்குத் தேநீரும் பிஸ்கட்டும் என்றால் 720 ரூபாய். அறையைத் திறந்து பெருக்கி வைப்பவருக்கு வகுப்புக்கு நூறாக 600 ரூபாய். மொத்தம் 1,800 ரூபாய். ஆளுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் ஆறு பேர் கொடுத்தாலே செலவு தீர்ந்துவிடும். எஞ்சிய இருவர் இருப்பதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

ஆனால் "வசதியற்றோர்க்குச் சலுகை உண்டு" என்று அறிவிப்பில் எழுதினால் அதைக் கேட்டு வாங்க எந்தப் பெரியவரும் வரமாட்டார். அதற்கு ஒரு வழி கண்டோம். முதல் வகுப்புக்குக் கட்டணம் கேட்பதில்லை. இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும் பெயர் எழுதாத ஓர் உறை கொடுப்போம். போகும்போது வாயிலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். யார் உறை எது என்பது எங்களுக்குத் தெரியாது. ரொக்கமாகவே தரலாம் என்பதையும் அறிவிப்பில் எழுதினோம். கைப்பேசியில் பணம் அனுப்பக் கற்காதவரிடம் கைப்பேசியில் பணம் கேட்கும் பிழையை இரண்டாம் முறை செய்வதாக இல்லை.

இப்போது நான் சொல்ல வந்ததன் உயிர்நிலைக்கு வருகிறேன். "பொறுமையுடன் கற்றுத் தருவோம்" என்று என் முதல் வாசகத்தில் எழுதியிருந்தேன். நகரில் காணும் இத்தகைய அறிவிப்புகளில் இந்தத் தொடர் இல்லாதது அரிது. ஆனால் பொறுமை என்பது சொல்லிக்கொள்வதால் வருவதன்று. அது எத்தனை பேருக்கு எத்தனை ஆசிரியர், ஒன்றைக் கற்க எத்தனை நிமிடம், தவறவிட்ட பாடத்துக்கு மறுமுறை வரலாமா என்ற கணக்குகளில் இருக்கிறது. நாற்பது பேரை ஒரு கூடத்தில் அமர்த்தித் திரையில் படம் காட்டி ஒன்றரை மணியில் பதினைந்து செயல்களைச் சொல்லித் தருகிறவர், புத்தரைப் போன்ற பொறுமையுடையவராக இருந்தாலும், அவர் வகுப்பு பொறுமையற்ற வகுப்பே.

ஏன் அத்தனை நேரம் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். காலைப் பிரிவில் எழுபத்தொரு வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். அரசு அலுவலகமொன்றில் சுருக்கெழுத்தாளராகத் தொடங்கி ஓய்வு பெற்றவர். முதல் நாள் அவர் குறை ஒன்றே ஒன்றுதான்: "வாட்ஸ்அப்பைத் தொட்டால் அது திறப்பதில்லை, தம்பி. ஏதோ ஒரு சிறு பெட்டி வருகிறது. அதைத் தொட்டால் வாட்ஸ்அப்பே காணாமற் போகிறது. போன் கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன்."

போன் கெடவில்லை. நான் அவர் விரலைக் கவனித்தேன். நாற்பது ஆண்டுகள் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல் அது. விசையை அழுத்தினால்தான் எழுத்து விழும் என்பது அதன் அனுபவம். கண்ணாடித் திரையையும் அவ்வாறே அழுத்தி, அழுத்தியது பதிந்ததா என்று பார்க்கும் வரை விரலை எடுக்காமல் வைத்திருந்தார். திரைக்கு அழுத்தம் தெரியாது. நேரம் மட்டுமே தெரியும். கண்ணாடியின் கீழே கண்ணுக்குப் புலப்படாத கடத்தியாலான ஒரு வலை இருக்கிறது. அதில் சிறிதளவு மின்னேற்றம் நிற்கிறது. ஈரப்பசையுள்ள நம் விரல் அருகில் வந்ததும் அந்த மின்னேற்றம் அவ்விடத்தில் மாறுகிறது. எந்த இடத்தில் மாறியது, எவ்வளவு நேரம் மாறியிருந்தது என்பதைக் கருவி குறித்துக்கொள்கிறது. விரல் உடனே விலகினால் "தட்டினார்" என்று கொள்ளும். அரை நொடி போல நின்றுவிட்டால் "பிடித்துக்கொண்டார்" என்று கொண்டு வேறு பெட்டியைத் திறக்கும். வயதானபின் தோல் வறள்கிறது; டெல்லிக் குளிரில் மேலும் வறள்கிறது. அதனால் சில வேளை முதல் தொடுதலைத் திரை உணர்வதில்லை. உணராததால் மேலும் அழுத்துகிறார்கள். அழுத்துவதால் நேரம் நீள்கிறது. நீள்வதால் பெட்டி வருகிறது. இவ்வளவும் சேர்ந்ததைத்தான் நாம் "அப்பாவுக்குப் போன் வராது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

தீர்வு இரண்டு. ஆண்ட்ராய்டு போன்களின் அமைப்புகளில் "Accessibility" என்ற பகுதிக்குள் "Touch & hold delay" என்று ஒன்று இருக்கிறது. அது எந்த உட்பிரிவில் இருக்கும் என்பது போனுக்குப் போன் மாறும். அதை "Long" என்று வைத்தால், விரல் சற்று நேரம் நின்றாலும் கருவி அதைத் தட்டியதாகவே கொள்ளும். இரண்டாவது, விரலுக்குப் பழக்கம். "தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தொடுவோமே, அப்படித் தொடுங்கள், ஐயா" என்றேன். "அது என் மனைவிக்கல்லவா தெரியும்!" என்று சிரித்தார். ஆனால் பிடித்துக்கொண்டார். அன்று முழுவதும், எழுபத்தைந்து நிமிடமும், அவர் தட்டுவதை மட்டுமே பயின்றார். கைக்குட்டையால் விரலைத் துடைப்பதும், கம்பளி உறையைக் கழற்றிவிட்டுத் தொடுவதும் அந்தப் பாடத்தின் பகுதிகள். இரண்டாம் நாள் வந்ததும், "நேற்று என் தம்பிக்கு நானே செய்தி அனுப்பினேன்" என்றார்.

இன்னொரு சிறு செய்தி. பெரியவர்கள் நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து ஒவ்வொரு படியையும் எழுதிக்கொள்கிறார்கள். எழுதி முடித்து நிமிர்வதற்குள் திரை இருண்டு பூட்டிக்கொள்கிறது. பல போன்களில் தொடாமல் அரை நிமிடம் இருந்தால் போதும், அணைந்துவிடும். "நான் என்னவோ செய்துவிட்டேன்" என்று பதறுகிறார்கள். வகுப்பு தொடங்குமுன் "Screen timeout" என்பதைப் பத்து நிமிடமாக வைத்துவிட்டால் இந்தப் பதற்றம் இல்லை. வகுப்பு முடிந்ததும் மீண்டும் குறைத்துவிட வேண்டும். இல்லையேல் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். போனைப் பிறர் எடுத்துப் பார்க்கவும் இடமாகும்.

கற்றுத்தரும் மாணவர்களுக்கு நாங்கள் வைத்த விதி ஒன்றே: பெரியவரின் போனைக் கையில் வாங்கக் கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். இந்த விதியை நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. என் ஊர் விருதுநகர்ப் பக்கம். விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது என் அப்பத்தா, "இதில் உன் முகம் தெரிகிற மாதிரி எப்படிப் பேசுவது?" என்று கேட்டார். "கொண்டா, அப்பத்தா" என்று போனை வாங்கிப் பத்து நொடியில் எல்லாம் செய்துகொடுத்தேன். மறுநாள் மீண்டும் கேட்டார். மீண்டும் வாங்கிச் செய்தேன். மூன்றாம் நாள் கேட்கவில்லை. நான் டெல்லிக்குத் திரும்பிய பிறகு அவர் என்னை ஒருமுறைகூட அழைத்ததில்லை. நான் அழைத்தால் எடுப்பார். அன்பில்லாமலா? அந்தப் பத்து நொடியில் அவருக்கு நான் கற்பித்தது ஒன்றுதான்: இது உன்னால் ஆகாது, என்னைப் போன்றவரிடம் கொடு. அந்தப் பாடத்தை அவர் நன்றாகக் கற்றுக்கொண்டார்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து நாங்கள் எழுதிய இரண்டாம் வாசகம் இது:

"பெரியவர்களுக்குக் கைப்பேசி வகுப்பு, தமிழில். செவ்வாய், வியாழன் காலை 11 முதல் 12.15 வரை, அல்லது புதன், சனி பிற்பகல் 3.30 முதல் 4.45 வரை.

மூன்று வாரத்தில் ஆறு வகுப்பு. கட்டணம் 300 ரூபாய். முதல் வகுப்புக்கு வந்து பார்த்துவிட்டுப் பிறகு சேரலாம். பணத்தை இரண்டாம் வகுப்பின் முடிவில் ரொக்கமாக உறையில் இட்டுத் தந்தால் போதும். வேறு செலவு இல்லை.

ஒரு பிரிவில் எட்டுப் பேர். உடனிருந்து சொல்லித்தர நான்கு மாணவர்கள். போன் உங்கள் கையிலேயே இருக்கும்; நாங்கள் வாங்கமாட்டோம். ஒரு நாளில் இரண்டு செயல்கள் மட்டும். முதல் நாள்: எழுத்தைப் பெரிதாக்குதல், மணி ஒலியைக் கூட்டுதல். தொடக்கத்தில் விரல் பழகச் சில நாள் ஆகும், எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒரு வகுப்புக்கு வர இயலாவிட்டால் அதே பாடத்துக்கு மற்றப் பிரிவில் வந்து அமரலாம். ஆறு வகுப்பும் முடிந்தபின் மீண்டும் ஒருமுறை கேட்க விரும்பினால் அடுத்த தொகுதியில் கட்டணமின்றி வரலாம்.

உங்கள் போன், அதன் சார்ஜர், மூக்குக்கண்ணாடி இவற்றைக் கொண்டுவாருங்கள். வங்கிக் கணக்கு எண், PIN, OTP எதையும் நாங்கள் கேட்கமாட்டோம். சேர விரும்பினால் காலை 10 முதல் மாலை 6 வரை இந்த எண்ணுக்குப் பேசினால் போதும்."

இதில் பொறுமை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "இவ்வளவு நீளமா? யார் படிப்பார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். இளைஞர் படிக்கமாட்டார் என்பது உண்மை. ஆனால் மருந்துச் சீட்டிலிருந்து ரயில் பயணச் சீட்டின் பின்பக்கம் வரை முழுவதும் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் நம் பெரியவர்கள். அவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கு அறிவிப்பு தானே விடை சொல்ல வேண்டும். விடை இல்லாத இடத்தில் அவர்கள் நம்மை அழைத்துக் கேட்பதில்லை, வராமல் இருந்துவிடுகிறார்கள். இதே வாசகத்தைப் பெரிய எழுத்தில் தாளில் அச்சிட்டுக் கோயில் வாசலிலும் மருந்துக் கடையிலும் பால் சாவடியிலும் ஒட்டினோம். கைப்பேசி பார்க்கத் தெரியாதவருக்குக் கைப்பேசியில் மட்டும் அறிவிப்பதில் பொருளில்லை அன்றோ?

காலைப் பிரிவில் எட்டுப் பேரும், பிற்பகலில் ஆறு பேரும் சேர்ந்தார்கள். பதினால்வரில் பதினொருவர் ஆறு வகுப்புக்கும் வந்தார்கள். காலைப் பிரிவின் எட்டு உறைகளைத் திறந்தபோது ஆறில் முந்நூறு ரூபாய், ஒன்றில் நூறு ரூபாய் இருந்தன. ஒன்று வெறும் உறை. மொத்தம் 1,900 ரூபாய். நூறு ரூபாய் மிச்சம். அந்த வெறும் உறைக்குரியவர் கடைசி வகுப்பு வரை வந்தார் என்று நம்புகிறேன். பிற்பகல் பிரிவில் இருநூறு ரூபாய்க்கு மேல் துண்டு விழுந்தது. அதைச் சங்கம் ஏற்றது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கை நடுக்கம் மிகுந்த ஒருவருக்கு எங்களால் பெரிதும் உதவ முடியவில்லை. அவர் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். அவருக்குக் குரலால் இயக்கும் முறையை முதல் நாளிலேயே காட்டியிருக்க வேண்டும். பிற்பகல் பிரிவில் தேர்வு நெருங்கியபோது மாணவர் இருவர் வராமற் போனார்கள். நால்வர் என்று அறிவிப்பில் எழுதிவிட்டு இருவர் நிற்பது வாக்குத் தவறுவதாகும். அன்று பெரியவர்களில் ஒருவர் அருகிலிருந்தவருக்குத் தாமே சொல்லிக் கொடுத்தார் என்பது வேறு செய்தி.

இந்த ஆண்டு வகுப்பை அக்டோபர் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மத்திய அரசின் ஓய்வூதியர்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று தர வேண்டும். எண்பது வயது நிறைந்தவர்கள் அக்டோபரிலிருந்தே தரலாம். 2021 முதல் கைப்பேசியின் முன் முகத்தைக் காட்டியே அச்சான்றைத் தரும் வசதி இருக்கிறது. தேய்ந்த விரல் ரேகையைப் பொறி ஏற்காமல் அலைந்தவர்களுக்கு அது பெரிய உதவி. ஆறாம் வகுப்பை அதற்கென்றே ஒதுக்கி, அறிவிப்பிலும் அதை ஒரு வரியில் குறிப்பிடுவோமானால், மக்கள் தாமே பெற்றோரை அனுப்பி வைப்பார்கள்.

காலைப் பிரிவுக்கு இன்னும் இருவர் தேவைப்படுகிறார்கள். செவ்வாயும் வியாழனும் பதினொரு மணிக்கு ஓய்வுள்ள நண்பர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுபத்தைந்து நிமிடம் நிற்க முடியுமா என்பதை மட்டும் அதற்குமுன் வீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் வரும் விடுமுறையில் அப்பத்தாவிடம் பார்த்துக்கொள்வதாக இருக்கிறேன்.